‘ஏன்’ என்ற சொல்லை அடித்துவிட்டு

நானும் என் அம்மாவும் ஒரே ஆண்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினோம். தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இது பெரிய செய்தி. நான் கோயில் குளத்துக்கு அந்தப் பக்கமிருந்த பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். தனித்தேர்வராகப் பணம் கட்டி, என் புத்தகங்களையே வாங்கிப் படித்தார். அன்றைய வகுப்புக்குத் தேவைப்படாத புத்தகங்கள் நான் பள்ளிக்குப் போன பிறகு அவருக்கு, திரும்பி வந்ததும் எனக்கு.

அப்பா கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியம் வந்தது. அதோடு வாரிசுக்கு ஒரு வேலையும் உண்டு என்று சொன்னார்கள். அம்மாவும் நானும் போய்ப் பார்த்தபோது அந்த அலுவலகக் கண்காணிப்பாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்.

“எட்டாவதுக்கு ஆபீஸ் அசிஸ்டென்ட் வேலைதாம்மா கெடைக்கும். ஃபைல் தூக்கறது, டீ வாங்கிட்டு வர்றது. பத்தாவது பாஸ் பண்ணிட்டா இளநிலை உதவியாளர் போஸ்டுக்கே எழுதலாம். மனு குடுக்க இன்னும் டைம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.”

அம்மா யோசிக்கவில்லை. “படிக்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

அம்மாவின் பேச்சு எப்போதுமே அப்படித்தான். கேட்டதற்கு ஒரு சொல், மிஞ்சிப்போனால் இரண்டு. “ஏம்மா லேட்டு?” என்றால் “பஸ்” என்பார். “ஏன் சாம்பார் வெக்கல?” என்றால் “பருப்பு.” பருப்பு இல்லையா, வேகவில்லையா, விலை ஏறிவிட்டதா என்பதையெல்லாம் நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா இருந்தவரை அவர்தான் எங்களுக்கு விளக்கிச் சொல்வார். “உங்கம்மா தந்தி ஆபீஸ்ல பொறந்தவ” என்று சிரிப்பார்.

அம்மாவுக்கு ஒரு தம்பி. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டில் வருவார். எங்கள் மீது அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. அந்த அக்கறையில்தான் அம்மாவின் படிப்பை எதிர்த்தார்.

“இன்னாக்கா நீ, கெடைக்கிற வேலைய வுட்டுட்டு புக்கு வெச்சிக்கினு குந்திகினு கீற? ஒனக்கு இன்னா சின்ன வயசா? கவர்ன்மென்ட் வேலைக்கா. டீ வாங்கினு வந்தா இன்னா கொறஞ்சிடும்?”

அம்மா அவருக்கு இன்னொரு தோசை போடுவார்.

அந்த ஏப்ரலில் இருவரும் தேர்வு எழுதினோம். முடிவு வந்த நாளில் மாலைப் பத்திரிகையில் எண்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கடைக்காரர் பிரிப்பதற்குள் பத்துப் பேர் அதன்மேல் கவிழ்ந்துகொண்டோம். என் எண் இருந்தது. தனித்தேர்வர் பகுதியில் அம்மாவின் எண் இல்லை. அதற்கு முந்தின எண் இருந்தது, அடுத்ததும் இருந்தது. நடுவில் இவருடையது மட்டும் இல்லை. நான் இரண்டு முறை பார்த்தேன். பிறகு கடைக்காரரையும் பார்க்கச் சொன்னேன்.

வீட்டில் அம்மா எனக்காகக் கேசரி கிளறிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “நீ?” என்றார். “பாஸ்” என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேசரி நன்றாக இருந்தது. இரண்டு பேரும் வேண்டுமென்றே நிறையச் சாப்பிட்டோம்.

மதிப்பெண் சான்றிதழ் வந்தபோதுதான் விவரம் தெரிந்தது. கணக்கில் நல்ல மதிப்பெண். தமிழிலும் அறிவியலிலும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் தப்பித்திருந்தார். சமூக அறிவியலில் போய்விட்டது. எனக்கு நம்ப முடியவில்லை. சமூக அறிவியல்தான் அம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பாடம். மழைக்காடு, பாலைவனம், கடற்காற்று எல்லாம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். தேர்வுக்கு முன்பு எனக்கே அவர்தான் கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்.

பதினொன்றாம் வகுப்பில் சேரப் போன நாளில், எனக்குச் சமூக அறிவியல் எடுத்த டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள் திருத்தப் போகிறவர். “உங்கம்மா என்ன எழுதினாங்கன்னு கேட்டியா?” என்றார்.

“இல்ல மிஸ்.”

“கேளு. கேள்வித்தாள் இருக்கும் இல்ல? அதுல ‘ஏன்’னு வர்ற கேள்விக்கெல்லாம் என்ன எழுதினாங்களோ, அதையே அப்படியே மறுபடி எழுதச் சொல்லு. எடுத்துட்டு வா.”

அம்மா எழுதிக் கொடுத்தார். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், அவருடைய அழகான உருண்டைக் கையெழுத்தில். ‘பாலைவனத்தில் இரவு நேரம் குளிராக இருப்பது ஏன்?’ என்ற கேள்விக்கு அவருடைய விடை: ‘மணல்.’ ‘1857ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியடைந்தது ஏன்?’ என்பதற்கு: ‘ஒற்றுமையின்மை, தலைமை.’ ‘பகலில் கடற்காற்று வீசுவது ஏன்?’ என்பதற்கு: ‘நிலச்சூடு.’ தாள் முழுக்க இப்படித்தான் இருந்தது. தந்தி ஆபீஸ்.

டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. “பாவம், எல்லாமே சரி” என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார்.

“கட்டுக் கட்டாத் திருத்துறோம்மா. ‘மணல்’னு எழுதினா, ஆமா மணல், அதுக்கென்னன்னு நமக்குத் தோணும். விடையப் படிச்சாலே என்ன கேள்வின்னு தெரியணும். காரணம் முழுசா இருக்கணும், அது எதுக்குக் காரணம்னும் இருக்கணும். ரெண்டு மார்க் கேள்விக்கு ஒத்தை வார்த்தை எழுதினா அரை மார்க் போடுவோம். கண்டிப்பான ஆள் கையில மாட்டினா அதுவும் கெடைக்காது. கேள்வியில இருக்கிற வார்த்தையவே எடுத்து விடையில வெச்சிடு. பாதி வாக்கியம் ஓசியாவே கெடைச்சிடும்.”

எனக்கு இது ஐந்தாம் வகுப்பிலிருந்தே கையில் ஊறிப்போன பழக்கம். யோசிக்காமலே எழுதிவிடுவேன். அம்மா பள்ளியை விட்டுப் போய் இருபது வருடம் ஆகிவிட்டிருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சொன்னபோது அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “கேள்விதான் அவங்களே அச்சடிச்சி வெச்சிக்கிறாங்களே. அதையே நான் இன்னாத்துக்குத் திரும்ப எழுதணும்? அவங்களுக்குத் தெரியாதா?”

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால்தான் அவருக்கு வாக்கியம் வரும் போலிருந்தது.

“தெரியும்மா. உனக்குத் தெரியுமான்னுதான் பாக்குறாங்க.”

“எனக்குத் தெரியுது. மணல்.”

“மணல் இன்னா பண்ணுது?”

“சீக்கிரம் ஆறிடுது.”

“அத எழுது.”

“அதான் மணல்னு எழுதிக்கிறேனே.”

அக்டோபரில் மறுபடியும் தேர்வு உண்டு. கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னோம். அதுவரை கோப்பைத் தன் மேஜையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். மாமாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. அம்மா திரும்பவும் பணம் கட்டினார்.

தினமும் காலையில், குழாயில் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, மொட்டை மாடியில் உட்கார்ந்து பழகினோம். முதலில் கேள்வியை எழுத வேண்டும். அதிலுள்ள ‘ஏன்’ என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட வேண்டும். மிச்சமிருப்பதுதான் விடையின் வால். ‘பாலைவனத்தில் இரவு நேரம் குளிராக இருப்பது’ என்று அது தொங்கிக்கொண்டு நிற்கும். ‘இருப்பது’ என்பதை ‘இருக்கிறது’ என்று மாற்றினால் வாக்கியம் முடிந்துவிடும். இனி அதன் முன்னால் காரணத்தைக் கொண்டுவந்து வைத்து, ‘ஆல்’ போட்டு ஒட்ட வேண்டியதுதான். ‘மணல் விரைவில் சூடாகி விரைவில் குளிர்ந்துவிடுவதால் பாலைவனத்தில் இரவு நேரம் குளிராக இருக்கிறது.’

அம்மா அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தார். “நல்லாத்தான் கீது” என்றார், யாரோ எழுதியதைப் பற்றிச் சொல்வது போல.

பிறகு ஒரு வாரம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். வால்தான் முக்கியம் என்று அவருக்குப் பதிந்துவிட்டது. ‘கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என அழைக்கப்படுவது ஏன்?’ என்று கேட்டேன். ‘கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டராக இருப்பதால் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என அழைக்கப்படுகிறது’ என்று எழுதினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் தாளைத் திரும்பப் படித்துவிட்டுச் சிரித்தார். அப்பா இறந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“கேள்விய திரும்பச் சொன்னா மட்டும் மார்க் இல்லம்மா. பஞ்சாலை எங்க?”

“அது எனக்குத் தெரியுமே. கரிசல் மண்ணு, பருத்தி, பைகாரா கரண்ட்டு.”

“எனக்குத் தெரியும், மிஸ்ஸுக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாது.”

காரணம் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே ‘ஆல்’ போட்டுக் கட்ட வேண்டியதில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக எழுதி, கடைசியில் ‘எனவே’ என்று தொடங்கிக் கேள்வியின் சொற்களால் முடித்தால் போதும். கடற்காற்றுக்கு அம்மா இப்படி எழுதினார்: ‘பகலில் நிலம் கடலைவிட விரைவில் வெப்பமடைகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பமடைந்து மேலே செல்கிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. எனவே பகலில் கடற்காற்று வீசுகிறது.’ அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சாந்தோம் கடற்கரைக்குப் போனபோது, முகத்தில் காற்று அடிக்க அடிக்க அதை எனக்கு ஒப்பித்தார். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அம்மா நிறுத்தவில்லை.

புத்தகக் கேள்விகள் தீர்ந்துபோனதும் வீட்டுக் கேள்விகளைக் கொடுக்க ஆரம்பித்தேன். ‘இன்று இட்லி கல் போல இருப்பது ஏன்?’ ‘பக்கத்து வீட்டு அக்கா நம்மோடு பேசாமல் இருப்பது ஏன்?’ அம்மா கூச்சப்பட்டுக்கொண்டே எழுதுவார். ‘மாவு புளிக்காததால் இன்று இட்லி கல் போல இருக்கிறது.’ இரண்டாவது கேள்விக்கு ஒரு பக்கம் எழுதினார். எனக்கு அதுவரை தெரியாத கதையெல்லாம் அதில் இருந்தது.

செப்டம்பரில் ஒருநாள் அந்த வரிசையில் இன்னொரு கேள்வியையும் சேர்த்தேன். எந்த யோசனையும் இல்லாமல்தான் சேர்த்தேன். ‘நீ எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது ஏன்?’ சிறு வயதிலிருந்தே பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வந்த பதில் “வீடு.” அதற்கு மேல் ஒன்றும் வராது.

அம்மா கேள்வியை எழுதினார். ‘ஏன்’ என்பதை அடித்தார். காரணத்துக்காக மேலே ஒரு வரி இடம் விட்டுவிட்டு, வாலை முதலில் எழுதினார். ‘நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினேன்.’ பிறகு பேனாவை வைத்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். அம்மா எழுந்திருக்கவில்லை.

“இது தப்புக் கேள்வி” என்றார்.

“ஏம்மா?”

“நான் எங்கடி நிறுத்துனேன்?”

அம்மா அந்த வரியை அடித்தார். ஒரே கோடாக, நிதானமாக, கடைசி எழுத்துவரை அடித்தார். அதன் கீழே எழுத ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தவே இல்லை.

‘என் தம்பி கைக்குழந்தையாக இருந்தான். என் அம்மா கோயில் வாசலில் பூ விற்கப் போக வேண்டியிருந்தது. அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான் வகுப்பில் இரண்டாவது ரேங்க் எடுத்திருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனவே எட்டாம் வகுப்போடு என் படிப்பு நிறுத்தப்பட்டது.’

எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். “மார்க் போடு.”

நான் படித்தேன். ‘நிறுத்தினேன்’ என்பது ‘நிறுத்தப்பட்டது’ என்று ஆகியிருந்தது. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டாவது ரேங்க் என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டுக்கு இரண்டு போட்டேன். அந்த இரண்டு கோணலாக விழுந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “எழுத்து நல்லா இல்ல” என்று சொல்லிப் பாலை எடுக்கக் கீழே இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சாப்பிட்டுக்கொண்டே வழக்கம் போல ஆரம்பித்தார். அன்று அவருக்குக் கொஞ்சம் பதற்றமும் இருந்தது. அந்தக் கண்காணிப்பாளருக்கு இடமாற்றல் வரப்போவதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

“புது ஆளு வந்தா ஃபைல தூக்கிக் கடாசிடுவான்கா. நாளைக்கே போயி, அந்த பியூன் வேலையே குடுங்கன்னு எழுதிக் குடு. இன்னாத்துக்குக்கா ஒனக்கு இந்தப் பிடிவாதம்?”

அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார். தம்பியின் எதிரே உட்கார்ந்தார்.

“எனக்கு இந்தப் பிடிவாதம் இன்னாத்துக்குன்னா, நீ பொறந்தப்ப ஒன்னப் பாத்துக்க ஆள் இல்லன்னு என்ன ஸ்கூல்லேந்து நிறுத்திட்டாங்க. நான் நல்லா படிச்சிக்கினு இருந்தேன். ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல, நீ கொழந்த. அப்பறம் நீ ஐடிஐ படிச்ச, எனக்கு சந்தோசம். ஆனா எனக்குப் படிக்கணும்னு இருந்துச்சி. இப்பவும் கீது. அதனாலதான் இந்தப் பிடிவாதம்.”

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அக்காதான் தன்னைத் தூக்கி வளர்த்தார் என்பது தெரியும். அதற்காக அவருடைய படிப்பு நின்றுபோனது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. கையைக் கழுவிவிட்டு வாசலில் போய் நின்றார். அப்படியே கிளம்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, “பரீட்ச எங்க போட்டுக்கிறாங்க?” என்றார்.

“அடையார்” என்றார் அம்மா.

“பஸ்ஸுல கும்பலா இருக்கும். நான் வந்து இட்டுகினு போறேன்.”

சொன்னபடியே வந்தார். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மொபெட்டைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா நுழைவுச்சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தார். நானும் அன்று பள்ளிக்குப் போகவில்லை. பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். தேர்வு மையத்தின் வாசலில் தாலி அணிந்த பெண்கள், மீசை வைத்த ஆண்கள், சீருடையைக் கழற்றாமல் வந்த ஒரு பஸ் கண்டக்டர் எல்லோரும் கடைசி நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா புரட்டவில்லை. மாமா வாங்கித் தந்த பன்னீர் சோடாவைக் குடித்துவிட்டு உள்ளே போனார்.

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்த பிறகும் அம்மாவைக் காணோம். கடைசியாகத்தான் வந்தார். விரல் நுனியெல்லாம் மை.

“கூடுதல் தாள் வாங்கினேன்” என்றார்.

போன தடவை எழுதிய விடைத்தாளில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன என்று வாசலில் நின்றபடியே சொன்னார். இந்தத் தடவை ஒரு கேள்விக்கு மட்டும் காரணம் பாதிதான் நினைவுக்கு வந்ததாம். அதற்கும் வாலை எழுதி, தெரிந்த பாதியை முன்னால் ஒட்டிவிட்டு வந்திருந்தார். “ஒரு மார்க்காவது போடுவாங்க, இல்ல?” என்று மாமாவிடம் கேட்டார். “போட்டுத்தான் ஆவணும்” என்றார் மாமா, கேள்வியே என்னவென்று தெரியாமல்.

தேர்ச்சி பெற்றார். சமூக அறிவியலில் ஐம்பதைத் தாண்டியிருந்தது. சான்றிதழை எடுத்துக்கொண்டு கிண்டிக்குப் போனோம். பழைய கண்காணிப்பாளர் இடமாற்றலாகிப் போயிருந்தார். ஆனால் போகும் முன் கோப்பில் தெளிவாகக் குறிப்பு எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருந்தார். புதியவர் அதைப் படித்துவிட்டு, சான்றிதழ் நகலை அதனோடு கோத்துக்கொண்டார். உத்தரவு வர சில மாதங்கள் பிடித்தன. வந்தபோது அதில் ‘இளநிலை உதவியாளர்’ என்று இருந்தது. மாமா அதைத் தன் பட்டறைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு, எண்ணெய்க் கை படாமல் ஒரு பாலிதீன் உறையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்.

அலுவலகத்தில் சேர்ந்த பிறகு, தட்டச்சு தெரிந்தால் நல்லது என்று அம்மாவிடம் சொன்னார்களாம். மாட வீதியில் ஒரு மாடியில் தட்டச்சு நிலையம் இருந்தது. காலை ஆறு மணி வகுப்பில் அம்மா சேர்ந்தார். எனக்கும் அப்போது பள்ளி விடுமுறை. நானும் சேர்ந்தேன். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இயந்திரம் கொடுத்தார்கள். என்னுடையதில் ஒரு சாவி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அம்மா தன் வரியை நிறுத்திவிட்டு, குனிந்து அதை விடுவித்துத் தருவார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையின் சுண்டுவிரலைச் சரியான இடத்தில் வைத்து, புதிதாக ஆரம்பிப்பார்.